ஸ்டிக்கர் உரித்த பேட்டரி

காதில் மெஷின் மாட்டியவனைப் பார்த்தால் ஊரில் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "இனி உங்களுக்கு என்னங்க கவலை!" சொன்னவர்களில் ஒருவராவது அதை ஒரு மணி நேரம் காதில் வைத்துப் பார்த்திருப்பாரா? நிற்க வைத்துத் திட்ட வேண்டும் போலிருக்கும். ஆனால் அந்த வருஷம் எனக்குத் திட்டுவதற்குக்கூடத் தெம்பு இருக்கவில்லை.

நான் சேலத்துக்கு மேலே மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின் ஓடும் கொட்டகையை ஒட்டித்தான் என் மேஜை கிடந்தது. சீசன் வந்தால் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அது காட்டுக் கத்தல் கத்தும். முப்பது வருஷத்துக்கு மேல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேர் எழுதினேன், கூலி எழுதினேன். மெஷின் என் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஓய்வு பெற்ற பிறகு, இனிமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். என்னோடு பேசுகிறவர்கள் கத்திப் பேசினார்கள். கத்த முடியாதவர்கள் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் என் மனைவிக்கு வாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறியது. சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் போட்டு எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அடுப்பு, துணி, அவளைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் என் வேலையாயிற்று. அறுபது வயதுவரை ஒரு தம்ளர் கழுவியறியாதவன் நான். சோறு குழைந்தது, குழம்பு அடி பிடித்தது, முதுகு இரண்டாக ஒடிந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றுதான்: அவள் கூப்பிட்டால் எனக்குக் கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் நான் அடுப்படியில் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒதுங்க வேண்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு தானே எழுந்திருக்கப் பார்த்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டாள். நான் காபியை ஆற்றிக்கொண்டு போனபோது நெற்றியில் ரத்தம். அழக்கூட இல்லை. என்னைப் பார்த்து வாயைக் கோணிக்கொண்டு சிரித்தாள்.

சேலத்தில் இருக்கும் எங்கள் மகள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து மலையேறி வந்தாள். ஒரே பிள்ளை. ஸ்கூலில் வேலை. நெற்றிக் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நோட்டில் இருந்து தாளைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அவள் வீடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். மாடியில் ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. மாமியார் வேறு அங்கேதான் இருந்தார். ஒரு கட்டில் போடலாம், இரண்டு போட முடியாது. அதாவது மனைவி கீழே சேலத்தில், நான் மேலே மலையில். மாதத்துக்கு ஒரு தடவை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பகலெல்லாம் மகள் ஸ்கூலுக்குப் போய்விடுவாள். அந்த வெயிலில் அந்த ரூமில் இவள் கிடப்பாள்.

மனைவி இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மாட்டேன் என்று. மகளும் கல் மனசுக்காரி இல்லை. யோசித்துவிட்டு என் காதோரமாக வாயை வைத்துக் கத்தினாள்.

"காதுக்கு மெஷின் வாங்கித் தர்றேனுங்கப்பா. தைப்பொங்கலுக்கு வந்து மூணு நாள் தங்குவேன். அம்மா கூப்பிட்டா நீங்க வரோணும். வரலைன்னா, அப்பறம் நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

சேலத்தில் மெஷின் பொருத்தும் இடத்தில் இருந்த ஒரு அம்மாவுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். கண்ணாடி ரூமுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். நான் தூக்கினதைவிடத் தூக்காததுதான் அதிகம். பிறகு காதுக்குள் பிசைந்த மாவு மாதிரி ஒன்றை அடைத்து அச்சு எடுத்தார். அடுத்த தடவை போனபோது அந்த அச்சில் செய்த ஒரு கட்டியும், அதோடு குழாயால் சேர்ந்த, காதுக்குப் பின்னால் உட்காரும் வளைந்த மெஷினும் தயாராக இருந்தன. கார்த்திகை ஆரம்பம் அது.

அந்த அம்மா பொறுமைசாலி. என்னை மாட்டச் சொல்லி, கழற்றச் சொல்லி, மறுபடி மாட்டச் சொல்லிப் பார்த்தார். கட்டி சரியாக உட்காராவிட்டால் மெஷின் விசில் அடிக்கும், காதில் அழுக்கு அடைத்தாலும் அடிக்கும் என்றார். பின்னால் ஒரு சின்ன சுவிட்சு. அதில் எம் என்ற எழுத்தில் இருந்தால்தான் பேச்சு கேட்கும், டி என்பது டெலிபோனுக்கு, ஓ என்றால் நின்றுவிடும். குளிக்கும்போது கழற்ற வேண்டும், தூங்கும்போதும் கழற்ற வேண்டும், அப்போது பேட்டரி மூடியைத் திறந்து வைக்க வேண்டும். கட்டியைத் தினமும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை அதை மட்டும் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம், மெஷினில் ஒரு சொட்டுப் படக் கூடாது.

"எடுத்த எடுப்புலயே நாள் பூரா போடாதீங்கய்யா. மொதல்ல ஊட்டுக்குள்ள, ஒருத்தரோட மட்டும், ஒரு மணி ரெண்டு மணி நேரம். அப்பறம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கலாம். கடைவீதிக்கு எல்லாம் கடைசியாப் போங்க. காது மறந்துபோச்சு. அதுக்கு மறுபடியும் பழகோணும்," என்றார்.

காது மறந்துபோச்சு. அந்த வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது. நான் செவிடன் இல்லை, மறதிக்காரன்.

பேட்டரி விஷயத்தையும் சொன்னார். பொத்தான் அளவு, வெள்ளி நிறம், ஒரு அட்டையில் ஆறு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு துளி ஸ்டிக்கர். போடும்போது ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்து, கூட்டல் குறி மேலே வரும்படி வைத்து மூட வேண்டும். ஏன் ஒரு நிமிஷம் என்றும் சொன்னார். ஆனால் அதற்குள் என் தலையில் இடம் தீர்ந்துபோயிற்று. கடைசியாக ஒரு சின்ன டப்பா கொடுத்தார். அதற்குள் நீல நிற மணிகள். "உங்க ஊர்ல பனி ஜாஸ்தி. பேட்டரிய எடுத்துட்டு, மெஷினை ராத்திரி இதுக்குள்ள வைங்க. மணி ஈரத்தை இழுத்துக்கும். இழுத்து இழுத்து ரோஸ் கலராயிட்டா, வாணல்ல போட்டு லேசா சூடு பண்ணுங்க. மறுபடி நீலமாயிரும்," என்றார்.

இந்த நீலமும் ரோஸும் மட்டும் என் தலையில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. என் கெட்ட காலம்.

வீட்டுக்கு வந்து மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டினேன். அட கடவுளே! அத்தனை நாளாக எங்கே இருந்தன இத்தனை சத்தங்கள்? நான் சட்டையை நகர்த்தினால் கொர்ரென்றது. பேப்பரைப் புரட்டினால் தகரத்தைப் பிய்ப்பது போலிருந்தது. முறுக்குக் கடித்தேன், என் மண்டைக்குள்ளேயே கல் உடைத்தார்கள். என் குரலே எனக்கு வேறு யாரோ பாத்திரத்துக்குள் இருந்து பேசுவது மாதிரி இருந்தது. ஸ்பூன் கீழே விழுந்தபோது நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து அவள் குலுங்கிச் சிரித்தாள்.

அவள் குரல்தான் என்னை உலுக்கிவிட்டது. என் ஞாபகத்தில் இருந்தது வாதம் வருவதற்கு முந்தின குரல், அதுவும் நான் நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்துக் குரல். வாசலில் நின்று கூப்பிட்டால் பள்ளத்தில் இருக்கும் பல்பர் கொட்டகைக்குக் கேட்கும். இப்போது மெஷினுக்குள் வந்தது மெலிந்து, குழறி, எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஒரு குரல். "ஏனுங்க" என்பதில் முதல் எழுத்து மட்டும் வந்தது. மீதி மூச்சாகப் போயிற்று. இவள் இப்படித்தான் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தாளா? எனக்கு அழுகை வந்தது. அவளுக்குத் தெரியக் கூடாதென்று, மெஷினைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் அதுதான் வேலை. அவள் பேசுவாள், நான் கேட்பேன். முதலில் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பிறகு திரும்பி உட்கார்ந்துகொண்டு. பிறகு அடுத்த ரூமில் இருந்து. அவள் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால், "மக்கு ரைட்டரு" என்பாள். அந்தக் குழறலுக்குள் எது எந்த வார்த்தை என்று மெல்ல மெல்லப் பிடிபட்டது. நாள் பூராவும் வேலை செய்துவிட்டு அந்த ஒரு மணி நேரம் காதைக் கூர்மையாக வைத்திருப்பது எத்தனை அலுப்பு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். உடம்பு அலுத்தால் படுத்தால் சரியாகும். கேட்டுக் கேட்டு அலுப்பது வேறு. மண்டைக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி இருக்கும். சில நாள் பேச்சின் நடுவிலேயே உட்கார்ந்தபடி தூங்கிவிடுவேன். அவள் எழுப்ப மாட்டாள்.

மார்கழிப் பனி வேறு. ஒரு நாள் காலையில் வெளியே போய்விட்டு வந்தேன், மெஷின் அடைத்துக்கொண்டது. செத்துவிட்டது என்று பதறினேன். பார்த்தால் குழாய்க்குள் ஒரு சொட்டுப் பனித் தண்ணீர். மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கி, உதறி, துடைத்துப் போட்டதும் கேட்டது. நீல மணிகள் மூன்று நாளில் ரோஸ் ஆகிவிடும். பழைய வாணலியில் போட்டுச் சூடு பண்ணி மறுபடி நீலமாக்குவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. ஈரம்தான் எதிரி, காய வைத்தால் எல்லாம் பிழைக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி இருந்தது. மெஷினைத் திருகி சத்தத்தை முழுக்க வைத்து, உள்ளங்கைக்குள் பொத்தினால் விசிலடிக்கும். அந்த விசில் எனக்குக் கேட்காது, அவளுக்குக் கேட்கும். அவள் தலையாட்டினால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அட்டையோடு வந்த முதல் பேட்டரி சில வாரம் ஓடி நின்றது. இரண்டாவதை எடுத்தேன். குளிரில் மரத்துப்போன என் விரலுக்கு அந்தத் துளி ஸ்டிக்கர் அகப்படவே இல்லை. நகத்தை வைத்தால் வழுக்குகிறது. கத்தி முனையை வைக்கப் போய் பேட்டரி கட்டிலுக்கு அடியில் உருண்டது. கோபம் வந்து, அதைப் பொறுக்கி அட்டையோடு எடுத்துக்கொண்டு ஒண்டிக்கடை பஜாருக்குப் போனேன்.

அங்கே டார்ச் லைட்டும் செல்லும் விற்கும் பாய் என் பழைய சிநேகிதர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்தார்.

"இந்தச் செல்லு இங்கெல்லாம் வர்றதில்லீங்க ரைட்டரே. சேலத்துலதான்."

"செல்லு இருக்குது பாய். உரிக்கத்தான் முடியலை."

"இதுக்கா இந்தக் குளிர்ல வந்தீங்க? குடுங்க." சுருக்கென்று ஒன்றை உரித்தார். "ஒவ்வொரு தடவையும் இதுக்குன்னு ஏறி எறங்குவீங்களா? எல்லாத்தையும் உரிச்சுடறேன், எடுத்து எடுத்து மாட்டிக்கங்க."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். இன்றைக்கும் நல்ல மனுஷன்தான். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உரித்த ஐந்தில் ஒன்றை மெஷினில் மாட்டிக்கொண்டு, மற்ற நாலையும் நீல மணி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன், பனி ஏறாமல் இருக்கட்டும் என்று. பாய் இன்னொரு யோசனையும் சொன்னார். அது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். டார்ச் செல் மங்கினால் வெயிலில் போட்டு எடுத்தால் இன்னும் நாலு நாள் எரியும். பக்கத்து வீட்டுக்காரர் களத்தில் காபிக்கொட்டை காயப்போட்டிருந்தார். நல்ல வெயில் அடித்த நாளெல்லாம் அந்தக் கொட்டைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் என் பேட்டரிகளையும் பரப்பினேன். கொட்டையைக் கிளறும்போது என் பேட்டரியையும் புரட்டிவிட்டேன். முப்பது வருஷம் காபி காய்ந்ததைப் பார்த்தவனுக்குக் காய வைப்பதைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்!

போகியன்று மத்தியான பஸ்ஸில் மகள் வருவதாக இருந்தது. காலையில் மெஷின் நின்றது. நான் பதறவில்லை. குழாயை உதறினேன். கட்டியைத் துடைத்தேன். சுவிட்சு எம்மில்தான் இருந்தது. அப்படியானால் பேட்டரிதான். அடுத்ததை மாட்டி உள்ளங்கையில் பொத்தி அவளைப் பார்த்தேன். இல்லை என்று தலையை அசைத்தாள். அதற்கடுத்தது. இல்லை. அடுத்தது. இல்லை. கடைசி ஒன்றுக்கு மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு லேசாகத் தலையாட்டினாள். மாட்டினேன். அடுப்பு பற்ற வைப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் படித்துவிட்டுப் பரீட்சை அன்றைக்குப் பேனா எழுதாமல் போனால் எப்படி இருக்கும்? பேட்டரி தீர்ந்துபோச்சு என்று மகளிடம் சொல்லலாம்தான். சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். இன்னைக்குத் தீந்த மாதிரி நான் போனப்பறமும் தீருமுங்கப்பா, அன்னைக்கு அம்மா விழுந்தா? மனைவி என் கையைத் தட்டினாள். மெஷினைக் காட்டினாள், என் காதைக் காட்டினாள். மாட்டிக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு தன் கண்ணைத் தொட்டு என்னைக் காட்டினாள். நீங்கள் என்னைப் பார்க்கும்போது மட்டும் கூப்பிடுகிறேன். புரிந்துவிட்டது. அறுபது தாண்டிய இரண்டு பேர் சேர்ந்து பெற்ற பிள்ளையை ஏமாற்றத் தயாரானோம்.

மகள் வந்ததும் அம்மாவிடம் சட்டம் போட்டாள். அது அவள் வாய் அசைவிலேயே தெரிந்தது. எது வேணும்னாலும் அப்பாவைத்தான் கூப்பிடோணும், நான் எழுந்திருக்க மாட்டேன், பாத்துக்கிட்டே இருப்பேன்.

முதல் நாள் ஜோராகப் போயிற்று. நான் தன் பக்கம் முகத்தைத் திருப்பும்வரை மனைவி காத்திருந்து கூப்பிட்டாள். உதட்டைப் பார்த்து ஓடினேன். தண்ணீர் கொடுத்தேன், தலையணையை உயர்த்தினேன், ஒதுங்க வைத்தேன். நாள் பூரா செத்த மெஷினைக் காதில் சுமந்துகொண்டு, எங்கே நின்றாலும் ஒரு கண்ணைக் கட்டில் மேலேயே வைத்திருந்தேன். மகள் என் தோளைத் தட்டி, "பரவால்லீங்கப்பா!" என்றாள். அதையும் உதட்டில்தான் படித்தேன். படுக்கும்போது காலும் கழுத்தும் என்னுடையதாக இல்லை.

பொங்கலன்று பானை இறக்கிச் சாப்பிட்ட பிறகு பாத்திரங்கள் மலை மாதிரி கிடந்தன. பின்பக்கம் எடுத்துக்கொண்டு போய் விளக்க உட்கார்ந்தேன். கை வேலையில், அலுப்பில், நேரம் போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது மகள் கட்டிலுக்கு எதிரே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். புது சேலை. படுக்கை நனைந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் நான் வர மாட்டேன். நான் வராவிட்டால் மகள் பார்த்துவிடுவாள். அதனால் அடக்கிக்கொண்டு, அடக்கிக்கொண்டு, முடியாமல் போய்விட்டது.

மகள் எழுந்து என்னமோ கேட்டாள். ஏம்மா கூப்பிடலை என்றுதான் கேட்டிருப்பாள். மனைவி திரும்பவே இல்லை. நான் மெஷினைக் காதிலிருந்து பிடுங்கி மகள் கையில் வைத்தேன்.

"இது நேத்துக் காலைலயே செத்துப்போச்சு சாமி. உங்கம்மாவுக்குத் தெரியும். என்னைக் காப்பாத்தோணும்னு இப்பிடிக் கெடக்கறா. நீ கூட்டிட்டுப் போயிரு. என்னால முடியலை கண்ணு. நிசமாலுமே முடியலை."

என் குரல் எவ்வளவு உயர்ந்ததோ தெரியாது. மகள் அம்மாவைத் தூக்கித் துடைத்துச் சேலை மாற்றினாள். நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். மூன்று பேரும் அழுதோம் என்று நினைக்கிறேன். சத்தம் கேட்காததால் யார் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

மாட்டுப் பொங்கலுக்குக் கடை இருக்காது. அதற்கு அடுத்த நாள் முதல் பஸ்ஸில் மகள் இறங்கிப் போனாள். வண்டி பேசத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மனைவியின் சேலைகளை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தேன். மனைவி நான் மடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் மகள் திரும்பி வந்தபோது கையில் இரண்டு அட்டை பேட்டரி இருந்தது. மெஷின் பொருத்திய அம்மாவைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்திருந்தாள். தாளில் எழுதிக் காட்டினாள்.

ஸ்டிக்கரை எடுத்த நேரத்திலிருந்து காற்று உள்ளே போய்ப் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடுமாம். மெஷினில் போட்டாலும் போடாவிட்டாலும் அது பாட்டுக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும். வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்து சீக்கிரம் சாகும். நீல மணியோடு வைத்தாலும் அதே கதைதான். அதற்குத்தான் அன்றைக்கே பேட்டரியை எடுத்துவிட்டு வைக்கச் சொன்னாராம்.

படித்துவிட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கொட்டைக்கு ஈரம் ஆகாது, இதற்கு ஈரம் வேண்டும். பாய் பாவம், உரித்தார். நான் பாவி, புரட்டிப் புரட்டிப் போட்டுக் கொன்றிருக்கிறேன்.

"இப்ப இதை யாரு உரிக்கறது?" என்றேன். மகள் கையை நீட்டினாள். பிறகு நிறுத்திக்கொண்டாள். அவள் ஊருக்குப் போய்விடுவாளே. அப்போது கட்டிலில் இருந்து மனைவி இடது கையை நீட்டினாள். நான் அந்த விரல்களைப் பார்த்தேன். ஒரு வருஷமாகப் பாத்திரம் தேய்க்காத, காபி பறிக்காத கை. நகம் நீளமாக, சுத்தமாக வளர்ந்திருந்தது. நான் பேட்டரியை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டேன். அவள் நகத்தை வைத்து ஒரே இழுப்பு. வந்துவிட்டது. அடக் கடவுளே, இவளை வீட்டில் வைத்துக்கொண்டா நான் ஒண்டிக்கடைக்கு நடந்தேன்!

ஒரு நிமிஷம் காத்திருந்தோம். கூட்டல் குறி மேலே வரும்படி வைத்து மூடினேன். உள்ளங்கையில் பொத்தினேன். அவள் தலையாட்டினாள். மகளும் ஆட்டினாள், அவள் காதிலும் விழுந்திருக்கும். காதில் மாட்டிக்கொண்டேன்.

"நீங்க பின்னால போயி உக்காருங்கப்பா. அம்மா கூப்பிடட்டும். ஒரே ஒரு தடவை. நான் என் காதால கேக்கோணும்," என்றாள் மகள். அவள் குரல் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது.

பின்பக்கம், கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே ஒரு துவைக்கிற கல் இருக்கிறது. அதில் போய் உட்கார்ந்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் முதுகு தானாகச் சுவரில் சாய்ந்தது. கால் தானாக நீண்டது. காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கூப்பிடும் சத்தம் வரவில்லை. இன்னும் வரவில்லை. புதுப் பேட்டரியுமா? கையைக் கொண்டுபோய் சத்தத்தை ஏற்றினேன். சட்டை கொர்ரென்றது. அப்படியென்றால் மெஷினில் பழுதில்லை. அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது.

"கூப்பிடும்மா. ஏன் சும்மா இருக்கற?"

பதிலுக்கு அந்தக் குழறல். மெலிந்து, எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, மூச்சோடு மூச்சாக. மகள் இரண்டாந்தரம் என்ன என்று கேட்டாள், அவளுக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. ஒவ்வொரு எழுத்தும் பிடிபட்டது.

"இப்பத்தான் உக்காந்தாரு. நொம்ப நாளாச்சு அவரு உக்காந்து. செத்த நேரம் உக்காந்திருக்கட்டும் சாமி. அப்பறம் கூப்பிடறேன்."

நான் எழுந்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக் கத்தினேன். "கேட்டுப்போச்சு புள்ள! செத்த நேரம் உக்காந்துட்டே வர்றேன்!"

உள்ளே மகள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியாத ஒரு சத்தம். பிறகு ஒரு பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம், மடித்து வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து அலமாரியில் வைக்கும் சத்தம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவள் கூப்பிடும்வரைக்கும் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தேன்.